ஸ்ட்ரீக்கை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

சிவகாசி, சாத்தூர் பக்கம் ஹேக்கத்தான் நடந்தால் ஒரு ஐடியா எப்படியும் மேடை ஏறிவிடும். பட்டாசுத் தொழிலாளர்களுக்கு ஒரு பாதுகாப்பு ஆப். தினமும் ஐந்து கேள்வி. சரியாகப் பதில் சொன்னால் பாயின்ட். விடாமல் முப்பது நாள் வந்தால் ஒரு பேட்ஜ். விபத்தே இல்லாமல் நூறு நாள் ஓட்டிய அறைக்கு ஸ்கிரீனில் ஒரு கோப்பை. டெமோ பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஜட்ஜும் தலையாட்டுவார். ஆனா ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: இந்தக் கோப்பையைப் பார்த்து, மருந்து நிரப்புகிற கை வேறு மாதிரி நடந்துகொள்ளுமா?

விளையாட்டு இல்லாத ஒரு வேலைக்கு விளையாட்டின் புள்ளி, பதக்கம், தொடர் நாள் கணக்கு இதையெல்லாம் பூசுவதற்குத்தான் கேமிஃபிகேஷன் என்று பெயர். கடை ஆப்பில் பார்க்கிறோம், மொழி கற்கிற ஆப்பில் பார்க்கிறோம், கோடிங் தளங்களில் பார்க்கிறோம். இது வேலை செய்கிறதா என்று கேட்டால் ஆப் கம்பெனி உடனே 'டெய்லி ஆக்டிவ் யூசர்' கிராஃபைக் காட்டும். அந்த கிராஃப் ஏறுவது உண்மைதான். ஆனா ஏறியது பழக்கமா, இல்லை பாயின்ட் பொறுக்குகிற வேகமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே நேர்மையான வழி, பாயின்ட்டை எடுத்துவிட்டுப் பார்ப்பது. அப்படி எடுத்துப் பார்த்த இரண்டு சம்பவங்கள் நமக்கு நன்றாகவே பழக்கமானவை. ஒன்று நம்ம போனிலேயே இருக்கிறது. இன்னொன்று நம்ம ரெஸ்யூமேயில் இருக்கிறது.

'தமிழ்நாட்டில் செல்லாது'

2017 செப்டம்பரில் கூகுள் தன்னுடைய பணப் பரிமாற்ற ஆப்பை 'தேஸ்' என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்டது. அடுத்த வருஷம் அது 'கூகுள் பே' ஆனது. யாருக்காவது பணம் அனுப்பினால் ஒரு ஸ்கிராட்ச் கார்டு வரும். விரலால் சுரண்டினால் சில சமயம் பணம், பல சமயம் 'பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்'. ஒவ்வொரு முறையும் ஐந்து ரூபாய் என்று உறுதியாகக் கொடுத்திருந்தால் இவ்வளவு பேர் சுரண்டியிருக்க மாட்டார்கள். எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் ஆளை அதிகம் இழுக்கும். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளிலேயே இது தெரிந்துவிட்டது: எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோது புறா விடாமல் கொத்தியது. 2019 தீபாவளிக்கு அதே ஆப் ஸ்டாம்ப் சேர்க்கும் ஆட்டம் விட்டதும், நாடு முழுக்க 'ரங்கோலி' ஸ்டாம்ப் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைந்ததும் ஞாபகம் இருக்கலாம்.

நம்ம ஊர்க் கதை இங்கேதான் தனியாகப் பிரிகிறது. தமிழ்நாட்டில் 1979-லேயே பரிசுத் திட்டங்களைத் தடை செய்யும் ஒரு சட்டம் வந்துவிட்டது. பொருள் வாங்கினால் குலுக்கலில் பரிசு என்கிற மாதிரி, அதிர்ஷ்டத்தை வைத்து ஆளை இழுக்கும் திட்டங்களை நடத்தக் கூடாது. 2003-ல் லாட்டரிச் சீட்டும் தடையானது. (லாட்டரிச் சீட்டு அச்சடிப்பதற்கே பேர்போன சிவகாசி இருக்கிற மாநிலத்தில்தான்!) சிப்ஸ் பாக்கெட் போட்டி விளம்பரங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'தமிழ்நாட்டில் செல்லாது' என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். கூகுள் பேயின் ஸ்கிராட்ச் கார்டு சலுகைகளின் விதிமுறையிலும் இதே சட்டத்தைக் காட்டி, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது கிடையாது என்று எழுதியிருந்தார்கள். பெங்களூரில் படிக்கிற நண்பனுக்குக் கார்டு வரும், அதே ஆப்பில் நமக்கு வராது.

அதனால் இங்கே யுபிஐ படுத்துவிட்டதா? சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் நின்று பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். தேஸ் வந்த அந்த 2017 செப்டம்பரில் நாடு முழுவதும் மாதத்துக்குச் சுமார் 3 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. 2019 அக்டோபரில் அது 100 கோடியைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் 1000 கோடியைத் தாண்டியது. இந்தக் கடைசி ஏற்றம் நடந்த வருஷங்களில் மற்ற மாநிலங்களிலும் ஸ்கிராட்ச் கார்டில் பணம் வருவது அரிதாகி, பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியின் கூப்பன்தான் வந்துகொண்டிருந்தது. கூப்பனை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனா பணம் அனுப்புவதை யாரும் நிறுத்தவும் இல்லை.

இதை வைத்து ஸ்கிராட்ச் கார்டு சுத்த வேஸ்ட் என்று சொல்லிவிட முடியாது. முதல் தடவை வங்கிக் கணக்கை இணைத்து, பின் நம்பர் போட்டு, பத்து ரூபாய் அனுப்பிப் பார்க்கிற அந்தப் பயத்தைத் தாண்ட பரிசு உதவியிருக்கும். தமிழ்நாட்டிலும் ரெஃபரல் பணம், நிச்சயமான கேஷ்பேக் எல்லாம் இருந்தது. நாம் ஒன்றும் சுத்தமான கன்ட்ரோல் குரூப் இல்லை. ஆனால் பழக்கத்தை நிறுத்தி வைத்தது பரிசு அல்ல என்பது தெளிவு. 'சில்லறை இல்லையே தம்பி' என்ற பிரச்சினை தீர்ந்தது, அதனால் பழக்கம் நின்றது. செய்கிற வேலையிலேயே பலன் இருந்ததால் பரிசு வற்றியும் எதுவும் குறையவில்லை.

ஒரு நாள் காலையில் காணாமல் போன கவுன்ட்டர்

இரண்டாவது சம்பவத்தில் முடிவு தலைகீழ். கிட்ஹப் ப்ரொஃபைலில் பச்சைக் கட்டங்கள் நமக்குத் தெரியும். 2016 வரைக்கும் அதன் கீழே இரண்டு எண்கள் இருந்தன: இதுவரை நீங்கள் விடாமல் பங்களித்த மிக நீண்ட தொடர் எத்தனை நாள், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தொடர் எத்தனை நாள். அந்த ஆண்டு மே 19-ம் தேதி, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் கிட்ஹப் அந்த இரண்டு எண்களையும் தூக்கிவிட்டது. கட்டங்கள் அப்படியே இருந்தன, கோடு எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. போனது அந்த எண்கள் மட்டும்தான்.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது லட்டு மாதிரி. கிட்ஹப்பில் யார் எந்த நாள் என்ன செய்தார்கள் என்ற பதிவு பொதுவில் இருக்கிறது. அதனால் மே 19-க்கு முன், பின் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மோல்டன், ஸ்ட்ரோமையர், வாக்ஸ் என்ற மூவர் அதைச் செய்து 2021-ல் வெளியிட்டார்கள். நீண்ட நாள் ஓடிய தொடர்கள் பல அதற்குப் பிறகு கைவிடப்பட்டன. சனி, ஞாயிறு வேலை குறைந்தது. '100 நாள் விடாமல் கோடு போடுவேன்' என்று ஊரறியச் சபதம் எடுத்தவர்களில் சிலர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகத் தோன்றியது இன்னொரு விஷயம்: ஒரே ஒரு பங்களிப்பு மட்டும் செய்த நாட்கள் குறைந்துபோயின.

ஒரு நாளில் சரியாக ஒன்று என்றால் என்ன அர்த்தம்? உண்மையாக வேலை செய்கிற நாளில் மூன்று நான்கு கமிட் சாதாரணமாக விழும். ஒன்றே ஒன்று என்பது பெரும்பாலும் ராத்திரி 11.50-க்கு ஞாபகம் வந்து, README-யில் ஒரு கமாவைச் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகிற நாள். கவுன்ட்டர் உருவாக்கிய 'வேலை'யில் ஒரு பங்கு இப்படிப்பட்டது. கமா கூட வேண்டாம் என்பவர்களுக்கு கிட் தானே வழி விட்டிருக்கிறது:

```
git commit --allow-empty -m "daily"
```

எந்த ஃபைலும் மாறவில்லை. ஆனா கமிட் பதிவாகும், புஷ் செய்தால் கட்டம் பச்சையாகும். இதை தினமும் தானாக ஓடும்படி வைத்துவிட்டால் நீங்கள் செமஸ்டர் லீவில் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தாலும் ஸ்ட்ரீக் ஓடும். பிளேஸ்மென்ட் நேரத்தில் ப்ரொஃபைல் கெத்தாக இருக்கும். இன்டர்வியூவில் "இந்த ரெப்போவில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்வரை.

யுபிஐக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கவுன்ட்டர் எண்ணியது 'இன்றைக்கு வந்தாயா' என்பதை. நமக்கு வேண்டியது 'இன்றைக்கு ஏதாவது கற்றாயா' என்பது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மனிதர்கள் எண்ணப்படுகிற பக்கம்தான் நகர்வார்கள். இது ஏமாற்றுவதாகக்கூட இருக்க வேண்டியதில்லை, களைத்துப்போன ஒருவர் செய்கிற இயல்பான சிக்கனம்தான். ஸ்ட்ரீக்குக்கு இன்னொரு கோளாறும் உண்டு. 212 நாள் ஓடியது ஒரு காய்ச்சலில் பூஜ்யமானால் 213-வது நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்க மனசு வராது, ஆப்பையே தூக்கிவிடுவோம். டுவோலிங்கோ 'ஸ்ட்ரீக் ஃப்ரீஸ்' என்று ஒன்றை வைத்திருப்பது இதனால்தான். தொடரைக் காப்பாற்றத் தனியாக ஒரு பொருள் தேவைப்படுகிறது என்றாலே அந்தத் தொடர் எவ்வளவு மெல்லிய நூல் என்று புரிந்துகொள்ளலாம்.

கோட்டைத் தொட்ட பிறகு

பேட்ஜின் சுபாவம் வேறு. ஸ்ட்ரீக் தினமும் மிரட்டும். பேட்ஜ் தூரத்தில் நின்று கூப்பிடும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 300 ஓட்டுப் போட்டால் ஒரு பேட்ஜ் உண்டு. ஆன்டர்சன், ஹட்டன்லாக்கர், கிளைன்பெர்க், லெஸ்கோவெச் ஆகியோர் 2013-ல் அந்தத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். பேட்ஜ் நெருங்க நெருங்க ஆட்கள் ஓட்டுப் போடுகிற வேகம் ஏறுகிறது. கிடைத்த பிறகு சரிகிறது. கிராஃப் ஒரு கூடாரம் மாதிரி இருக்கும், உச்சி சரியாக அந்தக் கோட்டில்.

நமக்குத் தெரிந்த கோடு என்.பி.டி.இ.எல். சென்னை ஐஐடி முன்னின்று நடத்தும் அந்தப் படிப்புகளின் சான்றிதழில் 60-க்கு மேல் எலீட், 75-க்கு மேல் எலீட் சில்வர், 90-க்கு மேல் எலீட் கோல்டு. மொத்த மதிப்பெண்ணில் 25 வாராந்தர அசைன்மென்ட்டுக்கு, 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள். இப்போது ஒருவர் முதல் 8 வாரமும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டார் என்று வையுங்கள். அவருடைய 25-ம் நிரம்பிவிட்டது. 9 முதல் 12 வரை என்ன செய்தாலும் அதில் ஒரு புள்ளி கூடாது, செய்யாவிட்டாலும் குறையாது. டேட்டா ஸ்ட்ரக்சர் மாதிரியான பாடத்தில் சிரமமான பகுதிகள் கடைசி வாரங்களில்தானே வரும்? புள்ளிக் கணக்கு சரியாக அந்த இடத்தில் கையை விட்டுவிடுகிறது.

நல்லவேளை, மிச்ச 75 தேர்வில் இருக்கிறது. அசைன்மென்ட் விடையைக் குரூப்பில் காப்பி அடித்தவருக்கும் மையத்துக்குப் போய்த் தனியாக உட்கார வேண்டிய நாள் ஒன்று வரும். இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். எளிதாகப் பொறுக்கக்கூடிய புள்ளிக்குக் குறைந்த எடை, பொறுக்க முடியாத அளவுகோலுக்கு அதிக எடை. நாம் வடிவமைக்கிற ஆப்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: லாகின் செய்ததற்கே 10 பாயின்ட் கொடுத்துவிட்டு, கற்றதை எங்கேயும் சோதிப்பதில்லை.

இப்போது அச்சங்குளம்

மேடையில் பார்த்த அந்தப் பாதுகாப்பு ஆப்புக்கு வருவோம். விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ம் தேதி ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உரிமம் வைத்திருந்தவர் ஒருவர், உள்ளே அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு பலர் என்பது பின்னால் வெளியான விவரம். அதை மனதில் வைத்துக்கொண்டு ஆப்பின் ஒவ்வொரு பாயின்ட்டையும் பார்க்கலாம்.

முதலில் அந்த ஐந்து கேள்வி. 'இரும்புக் கருவி பயன்படுத்தலாமா?' கூடாது. 'ஓர் அறையில் அனுமதித்ததற்கு மேல் ஆள் உட்காரலாமா?' கூடாது. 'கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கலாமா?' கூடாது. இந்த வேலையில் பத்து வருஷம் இருக்கிற ஒரு அக்கா இதையெல்லாம் நம்மைவிட நன்றாகச் சொல்வார். தெரியாததால் நடக்கிற தவறுக்குத்தான் குவிஸ் மருந்து. இங்கே தெரிந்தும் ஏன் நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தத் தொழிலில் ஏற்கனவே ஒரு பாயின்ட் முறை இருக்கிறது, அதன் பெயர் பீஸ் ரேட். எத்தனை எண்ணிக்கை முடித்தாயோ அத்தனைக்குக் கூலி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் என் கற்பனைதான். ஒருவர் எட்டு மணி நேரத்தில் 500 ரூபாய்க்கு உரிய எண்ணிக்கையை முடிக்கிறார். நிமிடத்துக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். சிந்திய மருந்தை அடிக்கடி துடைப்பது, முடிந்த சரக்கை அவ்வப்போது வெளியே கொண்டுபோய் வைப்பது என்று விதிப்படி எல்லாம் செய்தால் ஒரு நாளைக்கு 25 நிமிடம் போகிறது என்று வைப்போம். அது 26 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் கிட்டத்தட்ட 680 ரூபாய். அவசரமாக வேலை செய்பவருக்கு இந்த 680 கிடைக்கிறது, நிதானமாகச் செய்பவருக்கு நம்ம ஆப்பில் ஒரு பச்சை பேட்ஜ் கிடைக்கிறது. எது ஜெயிக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

அதே 25 நிமிடத்துக்கும் கூலி உண்டு என்று முதலாளி சொல்லிவிட்டால் பேட்ஜ் இல்லாமலேயே துடைப்பு நடக்கும். அறைக்கு எத்தனை பேர் என்பதும், உரிமம் யார் கையில் வேலை யார் கையில் என்பதும் அந்த அக்கா முடிவு செய்கிற விஷயங்களே இல்லை. அவர் போனில் எந்த ஸ்ட்ரீக் ஓடினாலும் அது மாறாது.

அடுத்தது 'விபத்தில்லாத நூறு நாள்' கோப்பை. என் பார்வையில் முழு ஆப்பிலேயே ஆபத்தான அம்சம் இதுதான். 96-வது நாள் ஒருவர் கையில் சின்னதாகத் தீக்காயம். சொன்னால் அறை முழுவதற்கும் கோப்பை போகும். பக்கத்தில் இருப்பவர்களே "விடுக்கா, மஞ்சளை வச்சுக் கட்டிக்கலாம்" என்பார்கள். எண் 97 ஆகும். காயத்துக்குக் காரணமான பொறி எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட மாட்டார்கள். இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா என்ற அரசு அமைப்பு 2012-லேயே இதைப் பற்றி எச்சரித்தது: காயம் பதிவாகாத அணிக்குப் பரிசு என்று வைத்தால் தொழிலாளர்கள் காயத்தை மறைக்கத் தூண்டப்படுவார்கள்.

அப்படியென்றால் ஆப்பே வேண்டாமா? ஒரு இடத்தில் உபயோகம் இருக்கும் என்று நினைக்கிறேன். விபத்து இல்லாததை எண்ணாமல், விபத்து ஆகவிருந்து தப்பியதைச் சொல்ல வைக்கலாம். 'இன்று டிரேயை இழுக்கும்போது பொறி பறந்தது', 'இந்த அறையில் இரண்டு பேர் அதிகம்' என்று பெயர் இல்லாமல் குரலில் பதிவு செய்யும் ஒரு பட்டன். இதற்குத் தனிநபர் பாயின்ட் கொடுத்தால் பொய்ப் புகார் குவியும், அதனால் பாயின்ட் கூடாது. திரும்பக் கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: சொன்ன மூன்றாவது நாள் அந்த டிரே மாற்றப்பட்டிருக்க வேண்டும். சில்லறைப் பிரச்சினை தீர்ந்ததால் யுபிஐ நின்ற மாதிரி, சொன்னால் மாறுகிறது என்று தெரிந்தால் சொல்கிற பழக்கம் நிற்கும். மாறாவிட்டால் நிற்காது. இந்தப் பாதி வேலை ஆப்புக்கு வெளியே, ஃபோர்மேனிடமும் முதலாளியிடமும் இருக்கிறது. டெமோவில் காட்ட முடியாது.

டாஷ்போர்டைப் படிக்கிற விதமும் மாற வேண்டும். தப்பிய சம்பவங்கள் வாரத்துக்கு எட்டு, ஒன்பது என்று வந்துகொண்டிருந்து திடீரென்று பூஜ்யமானால், நம்ம ஹேக்கத்தான் டிசைனில் அன்றைக்குக் கோப்பை மின்னும். தீபாவளி நெருங்கி, ஆர்டர் குவிந்து, அறையில் ஆள் கூடியிருக்கிற நேரத்தில் அந்தப் பூஜ்யம் வந்தால், ஃபோர்மேன் அன்றைக்கே அந்த அறைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.